படத்தில் மூன்று காய்கள்

எண்ணும் எழுத்தும் அச்சிடாத சதுரங்கப் பலகையின் புகைப்படம். வெள்ளை ராஜா, ஒரு வெள்ளைச் சிப்பாய், கருப்பு ராஜா மட்டுமே மிச்சம்.

முதலில் காய்களின் அடையாளம். போட்டிகளில் வழங்கும் ஸ்டான்டன் காய்களில் ராஜாவின் உச்சியில் சிலுவை இருக்கும். மந்திரியின் தலையில் சாய்ந்த வெட்டு இருக்கும். நேர்மேலே இருந்து எடுத்த படத்தில் மந்திரியும் சிப்பாயும் வெறும் வட்டங்களாகிவிடும். சற்றுச் சாய்த்து எடுப்பதே நல்லது.

அடுத்தது திசை, பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். வலது கீழ்மூலையில் வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும் என்பது விதி. கருப்பு இருந்தால் படம் பக்கவாட்டில் எடுக்கப்பட்டது. ஆனால் பலகையை முழுதாகத் தலைகீழாக்கினாலும் அந்த மூலை வெள்ளையாகவே இருக்கும்! வெள்ளை ஆட்டக்காரர் எந்தப் பக்கம் அமர்ந்தார் என்று தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால், ராணியாக இரண்டே அடி மீதமுள்ள e6 சிப்பாயை d3-இல் நிற்பதாக எழுதிவிடுவோம்.

எழுதும்போது எட்டாம் வரிசையில் தொடங்கி, இடமிருந்து வலம் செல்ல வேண்டும். வெள்ளைக்குப் பெரிய எழுத்து, கருப்புக்குச் சிறிய எழுத்து, காலிக் கட்டங்களுக்கு எண்:

```
3k4/8/3KP3/8/8/8/8/8 w - - 0 1
```

அந்த `w`, அடுத்து ஆடுவது வெள்ளை என்கிறது. படம் இதைக் காட்டாது. இங்கே வெள்ளை ஆடினால் டிரா. கருப்பு ஆட வேண்டியிருந்தால் வெள்ளைக்கு வெற்றி. ஆகவே படம் அனுப்புவோரே, யாருடைய முறை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.