மலத்தில் கிருமி இருந்தால் நோய் என்று அர்த்தமா?

2009க்குப் பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் பல மருத்துவமனைகளில் ஒரு விசித்திரம் நடந்தது. சி.டிஃப் என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியால் பாதிக்கப்பட்டவர்களின் கணக்கு திடீரென்று எகிறியது. சில இடங்களில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. வார்டுகளில் புதிதாக எதுவும் பரவியிருக்கவில்லை. லேபில் பழைய நச்சுப் பரிசோதனையை நிறுத்திவிட்டு, அப்போது புதிதாக வந்திருந்த பி.சி.ஆர். கருவியை வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் பழைய பரிசோதனை இத்தனை நாளும் நோயாளிகளைத் தவறவிட்டதா, அல்லது புதிய பரிசோதனை நோய் இல்லாதவர்களையும் நோயாளி ஆக்குகிறதா? இரண்டுமே ஓரளவு உண்மை. அதனால்தான் இன்று பல லேப்கள் ஒரே மலமாதிரியை இரண்டு அல்லது மூன்று பரிசோதனைகளுக்கு, ஒரு குறிப்பிட்ட வரிசையில் உட்படுத்துகின்றன.

குடியிருப்பதும் குடைச்சல் கொடுப்பதும்

சி.டிஃப் கிருமி 1935இல் பச்சிளம் குழந்தைகளின் மலத்தில் கண்டறியப்பட்டது. அந்தக் குழந்தைகள் நன்றாகவே இருந்தார்கள். அது நோய்க்கிருமி என்பது 1978இல்தான் உறுதியானது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு வரும் கடுமையான பெருங்குடல் அழற்சிக்கு இதுவே காரணம் என்று அப்போது தெரிந்தது.

ஆன்டிபயாடிக் மருந்து குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கிறது. அந்தக் காலியிடத்தில் சி.டிஃப் பெருகி, ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டு நச்சுகளைச் சுரக்கிறது. குடலைப் புண்ணாக்குவது அந்த நச்சுகள்தான். சி.டிஃப் இனத்தில் நச்சுக்கான மரபணுவே இல்லாத வகைகளும் உண்டு. அவை இருந்தாலும் கெடுதல் இல்லை. நச்சு மரபணு உள்ள வகையைக் குடலில் சுமந்துகொண்டு, ஒரு தொந்தரவும் இல்லாமல் நடமாடுபவர்களும் இருக்கிறார்கள். மருத்துவமனையில் படுத்திருப்பவர்களில் இப்படிக் கிருமியைச் சுமப்பவர்கள் நூற்றுக்கு மூன்று பேரிலிருந்து கால்வாசிப் பேர் வரை இருக்கலாம்.

இவர்களில் ஒருவருக்கு வேறு ஏதோ காரணத்தால் பேதியானால்? மலத்தில் கிருமி இருக்கும், பேதியும் இருக்கும், ஆனால் ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு இருக்காது. இந்தப் பரிசோதனையின் சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

மூன்று பரிசோதனை, மூன்று கேள்வி

முதலாவது ஆன்டிஜென் பரிசோதனை. குளுட்டமேட் டிஹைட்ரோஜினேஸ், சுருக்கமாக ஜி.டி.எச்., என்ற நொதியை இது தேடுகிறது. எல்லா சி.டிஃப் வகைகளும் இந்த நொதியை ஏராளமாகச் சுரக்கின்றன. எனவே ஜி.டி.எச். இல்லை என்று வந்தால், கிருமி இல்லை என்று பெரும்பாலும் நம்பிவிடலாம். இருக்கிறது என்று வந்தால், கிருமி இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அது நச்சு வகையா, சாது வகையா என்பதைக்கூட இது சொல்லாது.

இரண்டாவது நச்சுப் பரிசோதனை. ஏ, பி நச்சுகள் மலத்தில் இப்போது கலந்திருக்கின்றனவா என்று நேரடியாகப் பார்ப்பது இதுதான். நச்சு தென்பட்டால் நோய் என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடைத்துவிடுகிறது. ஆனால் நச்சு குறைந்த அளவில் இருந்தால் இது தவறவிடும். உண்மையான நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிடும்.

மூன்றாவது பி.சி.ஆர். கொரோனா காலத்தில் நாம் மூக்கைக் காட்டிச் செய்துகொண்ட பரிசோதனையின் குடும்பம்தான் இதுவும். பெரும்பாலும் பி நச்சுக்கான மரபணுவை இது தேடும். மிக நுட்பமானது, கொஞ்சம் இருந்தாலும் பிடித்துவிடும். ஆனால் இது காட்டுவது நச்சைச் செய்யும் திறனைத்தான். நச்சு இப்போது சுரக்கிறதா என்பது இதற்குத் தெரியாது. சும்மா கிருமியைச் சுமப்பவரும் நோயாளியும் இதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

லேபில் நடப்பது

மாதிரி வந்ததும் முதலில் பார்ப்பது, இதைப் பரிசோதிக்கவே வேண்டுமா என்பதை. மலம் டப்பாவின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும். சில லேப்களில் ஒரு மரக்குச்சியை அதில் செருகிப் பார்ப்பார்கள். குச்சி நிமிர்ந்து நின்றால் மாதிரி திருப்பி அனுப்பப்படும். சாய்ந்து விழுந்தால் பரிசோதனை நடக்கும். கெட்டியான மலத்தில் கிருமி கிடைத்தாலும் அவர் கிருமியைச் சுமப்பவராகத்தான் இருப்பார் என்பதே காரணம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பொதுவாக இந்தப் பரிசோதனை செய்வதில்லை என்பதற்கும் அதே காரணம்தான்.

பிறகு, ஜி.டி.எச்., நச்சு இரண்டையும் ஒரே அட்டையில் பார்க்கும் கிட் ஒன்றை எடுப்பார்கள். மலத்தில் துளியளவு எடுத்துத் திரவத்தில் கரைத்து அட்டையின் குழியில் விட்டு, கழுவி, நிறம் தரும் கரைசலைச் சேர்த்தால், அரை மணி நேரத்தில் முடிவு தெரியும். ஒரு பக்கம் கோடு விழுந்தால் ஜி.டி.எச். உண்டு, மறுபக்கம் விழுந்தால் நச்சு உண்டு. நடுவில் உள்ள கட்டுப்பாட்டுக் குறி தெரியாவிட்டால் அட்டையே செல்லாது.

இரண்டு கோடும் விழுந்தால் நோய். இரண்டும் விழாவிட்டால் நோயில்லை. இந்த இரண்டு நிலையிலும் வேலை முடிந்தது. ஜி.டி.எச். கோடு மட்டும் விழுந்தால்தான் மாதிரி பி.சி.ஆர். கருவிக்குப் போகும்.

இந்த வரிசையின் பயனை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வயிற்றுப்போக்குள்ள 1,000 பேரின் மாதிரி வருகிறது. அவர்களில் 100 பேர் உண்மையான நோயாளிகள், 80 பேர் நச்சு வகையைச் சும்மா சுமப்பவர்கள், 30 பேரிடம் சாது வகை, மீதிப் பேரிடம் எதுவுமில்லை என்று வைத்துக்கொள்வோம். ஜி.டி.எச். பரிசோதனை இவர்களில் சுமார் 200 பேரைப் பிடிக்கும்: 96 நோயாளிகள், 76 சுமப்பவர்கள், 28 சாது வகையினர். 800 பேரின் முடிவு அரை மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது. அதில் நோயாளிகள் 4 பேர் நழுவுகிறார்கள். அந்த 200 பேரில் 75 நோயாளிகளுக்கு நச்சுக்கோடும் விழுகிறது. மிச்சம் 125 பேர். பி.சி.ஆர். அவர்களிலிருந்து சாது வகையினர் 28 பேரையும் கழித்துவிடும். கடைசியில் 97 பேர் நிற்பார்கள். அவர்களில் 21 பேர் நோயாளிகள், 76 பேர் சும்மா சுமப்பவர்கள்.

நேரடியாக பி.சி.ஆர். மட்டும் செய்திருந்தால்? சுமார் 175 பேருக்கு ‘பாசிட்டிவ்’ வரும். அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்த நோயே இல்லை. 2009க்குப் பிறகு கணக்கு எகிறியது இதனால்தான்.

இழுபறிப் பெட்டி

கணக்கில் கடைசியாக நின்ற 97 பேர்தான் மருத்துவர்களின் தலைவலி. ஜி.டி.எச். உண்டு, நச்சு இல்லை, மரபணு உண்டு. இவர்களை என்ன செய்வது?

இதற்கு இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிச்சம் காட்டின. பிரிட்டனில் நான்கு லேப்களில் 12,420 மாதிரிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். மலத்தில் நச்சு இருந்தவர்களில் 16.6 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். நச்சு வகைக் கிருமி வளர்ந்தும், மலத்தில் நச்சு இல்லாதவர்களில் இது 9.7 சதவீதம். எதுவுமே இல்லாதவர்களில் 8.6 சதவீதம். அதாவது, நச்சில்லாமல் கிருமி மட்டும் இருந்தவர்களின் கதி, கிருமியே இல்லாதவர்களின் கதியை ஒட்டியே இருந்தது.

கலிபோர்னியாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் 1,416 நோயாளிகள். பி.சி.ஆர். பாசிட்டிவ் 293 பேர். அவர்களில் 162 பேருக்கு நச்சு தென்படவில்லை. பி.சி.ஆர். முடிவு மருத்துவர்களுக்குச் சொல்லப்படாததால், அந்த 162 பேரில் பலர் சிகிச்சையே இல்லாமல் இருந்தார்கள். ஆனாலும் இந்த நோயால் வந்த சிக்கல்களும் மரணங்களும் அநேகமாக முழுவதும் நச்சு தென்பட்டவர்களிடமே நிகழ்ந்தன.

இழுபறிப் பெட்டியில் உள்ளவர்களை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருளல்ல. உதாரணமாக, நிமோனியாவுக்காக ஐந்து நாள் செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டுக்கொண்ட 72 வயது மூதாட்டி ஒருவருக்கு, ஆறாவது நாள் நான்கு முறை தண்ணீராகப் போகிறது. முடிவு இழுபறியாக வருகிறது. மருத்துவர் முதலில் மருந்துச் சீட்டைப் பார்ப்பார். நேற்று மலச்சிக்கலுக்காக லாக்டுலோஸ் கொடுத்திருந்தால் பேதிக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். அதை நிறுத்திவிட்டு, தனியறையில் வைத்து, ஓரிரு நாள் கவனிப்பதே முறை. மாறாக, காய்ச்சல் அடிக்கிறது, வயிறு உப்புசமாக இருக்கிறது, ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 15,000க்கு மேல் ஏறியிருக்கின்றன என்றால், நச்சுக்கோடு விழாததைப் பொருட்படுத்தாமல் வாய்வழி வான்கோமைசினோ ஃபிடாக்சோமைசினோ தொடங்கிவிடுவார்கள்.

தேவையில்லாமல் கொடுத்தால்தான் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். வான்கோமைசினும் ஆன்டிபயாடிக்தான். ஏற்கெனவே சிதைந்திருக்கும் குடல் பாக்டீரியாக்களை அது இன்னும் சிதைக்கும். பேதியின் உண்மையான காரணத்தைத் தேடுவதும் நின்றுபோகும்.

டப்பா மேசையில் கிடந்தால்

இழுபறி முடிவு சில நேரம் நாமே உண்டாக்குவது. அறை வெப்பத்தில் நச்சு சீக்கிரம் சிதைந்துவிடும். இரண்டு மணி நேரத்திலேயே தென்படாமல் போகக்கூடும். ஜி.டி.எச்.சும் மரபணுவும் அப்படி எளிதில் அழிவதில்லை. ஆகவே வார்டு மேசையில் மதியம் முழுவதும் கிடந்த மாதிரி, நச்சுக்கோடு இல்லாமல் ஜி.டி.எச். கோட்டோடு மட்டும் வரலாம். மாதிரி எடுத்த நேரத்தையும் லேபுக்கு வந்த நேரத்தையும் ஒப்பிட்டால் இது பிடிபடும். உடனே பரிசோதிக்க முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இங்கிலாந்தில் 2012இல் வந்த வழிகாட்டுதல் இந்த இழுபறிக்கு ஒரு நடைமுறைத் தீர்வு கண்டது. நச்சு தென்பட்டவர்கள் மட்டுமே அரசுக் கணக்கில் நோயாளிகளாகச் சேர்வார்கள். கிருமி மட்டும் இருப்பவர்கள், அதை வெளியேற்றக்கூடியவர்கள் என்று தனியாகக் குறிக்கப்படுவார்கள். சிகிச்சையை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் கிருமி மற்றவர்களுக்குத் தொற்றாமல் இருக்க, தனியறை, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவுதல் போன்ற ஏற்பாடுகள் இவர்களுக்கும் உண்டு. இந்தக் கிருமியின் வித்துகள் ஆல்கஹால் கைத்திரவத்துக்கு மசிவதில்லை.

சிகிச்சை முடிந்து பேதி நின்ற பிறகு, ‘கிருமி போய்விட்டதா என்று இன்னொரு டெஸ்ட் எடுங்கள்’ என்று குடும்பத்தினர் கேட்பது வழக்கம். மருத்துவர் மறுப்பார், மறுப்பதே சரி. குணமானவரின் மலத்திலும் வாரக்கணக்கில் கிருமி இருக்கலாம், பி.சி.ஆர். அதைப் பிடித்துக் காட்டவும் செய்யும். பேதி நின்றுவிட்டதா என்பதை வைத்துத்தான் குணத்தை முடிவு செய்கிறார்கள். திரும்பப் பேதி தொடங்கினால் மட்டுமே அடுத்த டப்பா லேபுக்குப் போகும்.