உங்களுக்குத் தெரியுமா? ஹூடி முதுகில் மடிப்போடு மடங்கும் படம்

ஆன்லைன் கடையில் ஒரு ஹூடியின் முதுகில் பெரிய எழுத்து அச்சாகியிருக்கும். துணி சுருங்கிய இடத்தில் எழுத்தும் நெளியும். பல நேரம் அந்த எழுத்து துணியில் அச்சாகியே இருக்காது. வெற்று ஹூடியைப் படம் பிடித்து, ஃபோட்டோஷாப்பில் டிசைனை மேலே ஏற்றியிருப்பார்கள். நெளிவுக்குக் காரணம் `Displace` என்ற ஃபில்டர். மெனுவில் `Filter > Distort > Displace` என்று இருக்கும்.

இந்த ஃபில்டருக்கு மடிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது வெளிச்சமும் இருட்டும்தான். ஹூடி படத்தின் கறுப்பு வெள்ளை நகல் ஒன்றைத் தனி PSD கோப்பாகச் சேமித்துக் கொடுக்க வேண்டும். இதுதான் மேப். மேப்பில் இருண்ட இடத்துக்கு நேரே இருக்கும் டிசைன் ஒரு பக்கம் நகரும், வெளிச்சமான இடத்துக்கு நேரே இருப்பது எதிர்ப்பக்கம் நகரும். நடுச் சாம்பல், அதாவது 0 முதல் 255 வரையிலான அளவில் 128 இருக்கும் இடத்தில், டிசைன் அசையாது. ஹூடியில் காபிக் கறை இருந்தால் அதையும் மடிப்பென்றே எடுத்துக்கொள்ளும். அதனால் கறை, பழைய லோகோ, ஒட்டிய நூல் எல்லாவற்றையும் மேப்பில் முதலிலேயே அழித்துவிட வேண்டும்.

கறுப்பு ஹூடியில் டிசைன் நெளியாமல், மொத்தமாக இடம் மட்டும் மாறுவது ஏன்? புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் திணறும் இடம் இது. காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். `Displace` பெட்டியில் `Horizontal Scale`, `Vertical Scale` இரண்டிலும் 10 என்று வைத்தால், 128-லிருந்து ஒவ்வொரு 10 அளவு விலகலுக்கும் டிசைன் 1 பிக்சல் நகரும். கறுப்புத் துணியின் சமதளப் பகுதி படத்தில் 40 என்று வைத்துக்கொள்வோம். அது 128-லிருந்து 88 தள்ளி இருப்பதால் அங்கே 8.8 பிக்சல் நகர்வு. மடிப்பின் பள்ளம் 12 என்றால் அங்கே 11.6 பிக்சல். ஆக முழு டிசைனும் ஒன்பது பிக்சல் அளவுக்கு ஒரே பக்கம் போய்விடுகிறது. மடிப்புக்கும் சமதளத்துக்கும் நடுவே வித்தியாசம் வெறும் 2.8 பிக்சல். மூவாயிரம் பிக்சல் அகலப் படத்தில் அது கண்ணில் படாது.

தீர்வு மேப்பில்தான் இருக்கிறது. மேப் கோப்பில் `Levels` திறந்து, வலது ஓரத்தில் 255-இல் நிற்கும் வெள்ளை முக்கோணத்தை 80-க்கு இழுங்கள். 40 ஆக இருந்த சமதளம் 128-ஐ ஒட்டி வந்துவிடும், பள்ளம் 38 ஆகும். இப்போது சமதளத்தில் டிசைன் அசையாது, மடிப்பில் மட்டும் 9 பிக்சல் நெளியும். ஃபில்டரின் எண்ணை ஏற்றிக்கொண்டே போவதைவிட இது எவ்வளவோ மேல்.

சில மடிப்புகள் மேப்பில் பளிச்சென்று தெரிந்தும் டிசைனில் காணாமல் போகும். சாம்பல் மேப் ஒன்றைக் கொடுத்து இரண்டு எண்ணும் சமமாக இருந்தால், டிசைன் எப்போதும் ஒரே குறுக்குக் கோட்டில்தான் நகரும். மடிப்பும் அதே சாய்வில் ஓடினால் டிசைன் மடிப்பின் நீளவாக்கில் வழுக்குமே தவிர, நெளியாது. ஹூடி முதுகில் இது அடிக்கடி நடக்கும். அக்குளிலிருந்து முதுகெலும்பை நோக்கிச் சாய்வு மடிப்புகள் இரு பக்கமும் வருகின்றன. ஒரு பக்கத்தது அழகாக நெளிய, மறுபக்கத்தது தட்டையாகக் கிடக்கும். இடுப்பு ரிப்புக்கு மேல் துணி குவிந்து கிடைமட்ட மடிப்புகள் விழும். அவற்றுக்கு `Vertical Scale` அதிகமாக இருக்க வேண்டும்.

நான் கிடைமட்டத்துக்கு 4, செங்குத்துக்கு 10 என்று தொடங்கி, பார்த்துப் பார்த்து மாற்றுவேன். டிசைனை வைப்பதற்கு முன் மெல்லிய கட்டக் கோடுகளை வைத்து ஓட்டிப் பார்த்தால், எந்த மடிப்பு விடுபட்டது என்று சட்டெனத் தெரியும். டிசைன் லேயரை முதலிலேயே `Smart Object` ஆக்கிவிட்டால் எண்களைப் பிறகும் திருத்தலாம்.

எழுத்தின் ஓரம் ரம்பம் போல ஆகிறதா? ஹூடித் துணியின் பின்னல் ஒவ்வொன்றையும் ஃபில்டர் குட்டி மடிப்பாக எண்ணுகிறது. மூவாயிரம் பிக்சல் அகலமான மேப்பில் `Gaussian Blur` 3 முதல் 5 பிக்சல் கொடுத்தால் பின்னல் மறைந்து மடிப்பு தங்கும். 20 கொடுத்தால் மடிப்பும் போய்விடும்.

உடம்பின் வளைவு இந்த ஃபில்டரின் வேலை அல்ல. தோள்பட்டையின் புடைப்பு, முதுகின் நடுப்பள்ளம் போன்ற பெரிய வளைவுகளை `Warp` கொண்டு கையால் வளைத்துவிட்டு, அதன் பிறகே `Displace`. இடத்தையும் அதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். டி-ஷர்ட்டில் கழுத்துக்குக் கீழே வைப்பது போல ஹூடியில் வைத்தால், தொங்கும் தொப்பி முதல் வரியை விழுங்கிவிடும். தொப்பியின் கீழ்முனைக்கும் கீழே தொடங்குங்கள்.

வெள்ளை டிசைனுக்கு `Multiply` வைத்தால் டிசைனே மறைந்துவிடும். வெளிர்நிறத் துணிக்குக் கைகொடுக்கும் அந்தக் கலப்பு, வெள்ளையைக் கண்ணாடியாக்கிவிடுகிறது. கறுப்பு ஹூடியில் டிசைனை `Normal`-லேயே விட்டுவிடுங்கள். `Levels` சரிசெய்த மேப்பின் மங்கலாக்காத நகலை டிசைனுக்கு மேல் வைத்து, `Create Clipping Mask` கொடுத்து, கலப்பை `Hard Light` ஆக்குங்கள். இந்தக் கலப்பிலும் நடுச் சாம்பல் எதையும் மாற்றாது, பள்ளம் மட்டும் நிழலாக விழும். `Opacity` 30 முதல் 40 சதவீதம் போதும். ஒரு சின்ன விஷயம்: டிசைனின் வெள்ளையைச் சுத்த 255 ஆக வைக்காமல் 235 அளவில் வைத்தால், மடிப்பின் மேட்டில் விழும் ஒளிக்கும் இடம் இருக்கும்.

துணி துணிமேல் ஏறி மடிந்திருந்தால்? நிஜத்தில் அந்த மடிப்புக்குள் எழுத்தின் ஒரு பகுதி ஒளிந்துகொள்ளும். `Displace` எதையும் ஒளிக்காது, நகர்த்த மட்டுமே செய்யும். அங்கே மாஸ்க் போட்டு, மடிப்பு விளிம்பில் எழுத்தை வெட்டி, கீழ்ப்பாதியைக் கொஞ்சம் மேலே ஏற்றி ஒட்ட வேண்டும்.

மை கெட்டியானால் சுருக்கம் குறையும். பிளாஸ்டிசால் மை துணிமேல் ஒரு படலமாக உட்காருகிறது. முதுகு முழுக்க அடைத்து அச்சடித்த இடத்தில் துணி விறைத்துப் பெரிய மடிப்பாகத்தான் மடங்கும், நுண்சுருக்கம் விழாது. அதைக் காட்டும் படத்தில் மேப்பை இன்னும் கூடுதலாக மங்கலாக்கி, எண்ணையும் குறைக்க வேண்டும். நூலுக்குள் ஊறும் தண்ணீர் மைக்குத் துணியின் எல்லாச் சுருக்கமும் பொருந்தும். திருப்பூரிலிருந்து வாங்குபவருக்கு மாக்அப் அனுப்புகிறவர்கள் எந்த மை என்று பிரிண்டிங் யூனிட்டில் கேட்டுக்கொண்டு பிறகு மடிப்பு போடலாம். இல்லாவிட்டால் சாம்பிள் கைக்கு வந்ததும், படத்தில் இருந்த சுருக்கம் எங்கே என்று வாங்குபவர் கேட்பார்.