சொல்லிலிருந்து சமன்பாட்டுக்கு – 4: இடம் மாறும் மடங்கு

வாக்கியக் கணக்கைச் சமன்பாடாக எழுதும்போது நிகழும் பிழைகளில் ஒன்று, படிப்பில் கெட்டிக்காரர்களையும் விடுவதில்லை. பெருக்க வேண்டிய எண், எதிர்ப்பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளெமன்ட் இதை ஆராய்ந்து 1982இல் வெளியிட்டார். ‘இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் உள்ளனர்’ என்பதைச் சமன்பாடாக எழுதும்படி முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் கேட்கப்பட்டது. S மாணவர் எண்ணிக்கை, P பேராசிரியர் எண்ணிக்கை. சரியான விடை S = 6P. ஆனால் 37 சதவீதத்தினர் தவறான விடை எழுதினர். அவற்றில் பெரும்பாலானவை 6S = P என்றே இருந்தன.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வாக்கியத்தில் சொற்கள் வரும் வரிசையிலேயே சமன்பாட்டையும் எழுதிவிடுவது. மற்றொன்று, எழுத்தை எண்ணாகக் கொள்ளாமல் பெயர்ச் சுருக்கமாகக் கொள்வது. S என்பது ‘மாணவர்’ என்று மனத்தில் பதிந்துவிட்டால், 6S = P என்பது ‘ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர்’ என்று படிக்கும். அப்படிப் படிக்கையில் பிழை கண்ணில் படாது. S ஓர் எண்ணிக்கை என்று கொண்டால், 6S = P என்பது ஏற்கெனவே பெரிய எண்ணை மேலும் ஆறு மடங்காக்குவது தெரிந்துவிடும்.

இதே பிழை தாம்பரம் ரயில் நிலைய டிக்கெட் கவுன்டரில் எப்படி நிகழும் என்று பார்க்கலாம். கணக்கு இது: ‘ஒரு கவுன்டரில் கிண்டிக்கு 5 ரூபாய் டிக்கெட்டும் கடற்கரைக்கு 10 ரூபாய் டிக்கெட்டும் மட்டும் விற்றன. கிண்டி டிக்கெட்டைப் போல் மூன்று மடங்கு கடற்கரை டிக்கெட் விற்றது. மொத்த வசூல் 1,400 ரூபாய். ஒவ்வொன்றிலும் எத்தனை டிக்கெட் விற்றது?’

முதல் வேலை, எழுத்து எதைக் குறிக்கிறது என்பதை முழு வாக்கியமாக எழுதுவது. ‘g = கிண்டி’ என்று எழுதினால் போதாது. ‘g = விற்ற கிண்டி டிக்கெட்டுகளின் எண்ணிக்கை’, ‘k = விற்ற கடற்கரை டிக்கெட்டுகளின் எண்ணிக்கை’ என்று எழுத வேண்டும். விலை வேறு, எண்ணிக்கை வேறு, வசூல் வேறு என்ற தெளிவு இந்த வரியிலேயே வந்துவிடும்.

இரண்டாவது வேலை, எது அதிகம் என்று கேட்பது. கணக்கின்படி கடற்கரை டிக்கெட்டே அதிகம். எனவே சிறிய எண்ணான g-ஐத்தான் 3 ஆல் பெருக்கி k-க்குச் சமமாக்க வேண்டும்: k = 3g. சந்தேகம் வந்தால் ஓர் எளிய எண்ணை வைத்துப் பார்க்கலாம். கிண்டிக்கு 10 டிக்கெட் விற்றிருந்தால் கடற்கரைக்கு 30 விற்றிருக்கும். k = 3g இதற்குப் பொருந்துகிறது; g = 3k பொருந்தவில்லை.

மூன்றாவது வேலை, வசூலை எழுதுவது. கிண்டி டிக்கெட் வசூல் 5g, கடற்கரை டிக்கெட் வசூல் 10k. எனவே

5g + 10k = 1400

k-க்குப் பதில் 3g எழுதினால் 5g + 30g = 1400; அதாவது 35g = 1400. g = 40, k = 120.

இனி, மடங்கை இடம் மாற்றி g = 3k என்று எழுதிய மாணவரின் விடையைப் பார்க்க வேண்டும். அவருக்கு 15k + 10k = 1400 என்று வரும். k = 56, g = 168. விடை முழு எண்ணாகவே வருகிறது. அவர் சரிபார்க்கும்போது 168 டிக்கெட்டுக்கு 840 ரூபாய், 56 டிக்கெட்டுக்கு 560 ரூபாய், மொத்தம் சரியாக 1,400 ரூபாய். கணக்கு சரி என்று நம்பி அடுத்ததற்குப் போய்விடுவார்.

மொத்தத்தை மட்டும் சரிபார்த்தால் இந்தப் பிழை சிக்காது. தவறான மடங்கும் அதே மொத்தத்துக்குள்தானே அமைந்திருக்கிறது! விடையைச் சமன்பாட்டில் வைத்துப் பார்ப்பதாலும் பயனில்லை. சமன்பாடே தவறு என்பதால் அது ஒத்துத்தான் போகும். விடையைக் கணக்கின் ஒவ்வொரு வாக்கியத்தோடும் ஒப்பிட வேண்டும். ‘கிண்டி டிக்கெட்டைப் போல் மூன்று மடங்கு கடற்கரை டிக்கெட்’ என்ற வாக்கியத்தின் முன் 168, 56 என்ற எண்களை வைத்த உடனே பிழை வெளிப்படும்.

‘விட அதிகம்’ என்று வரும் கணக்குகளிலும் இதுவே நடக்கும். ‘ஒரு ரயிலில் பல்லாவரத்தில் ஏறியவர்களைவிடத் தாம்பரத்தில் ஏறியவர்கள் 20 பேர் அதிகம், இரண்டும் சேர்ந்து 100 பேர்.’ தாம்பரத்தில் ஏறியவர் எண்ணிக்கை t, பல்லாவரத்தில் ஏறியவர் எண்ணிக்கை p. ‘அதிகம்’ என்ற சொல் தாம்பரத்தை ஒட்டி வருவதால் t + 20 = p என்று எழுதத் தோன்றும். அப்போது தாம்பரம் 40, பல்லாவரம் 60 என்று விடை வரும். மொத்தம் 100தான், ஆனால் தாம்பரம் குறைவாகிவிட்டது. குறைவான பக்கத்தோடு 20-ஐக் கூட்டினால்தான் இரு பக்கமும் சமமாகும்: t = p + 20. விடை, தாம்பரத்தில் 60 பேர், பல்லாவரத்தில் 40 பேர்.

அடுத்த வாரம்: வயதுக் கணக்குகள் – ‘ஐந்து ஆண்டுகளுக்குப் பின்’ என்பதை இருவருக்கும் கூட்ட மறப்பது.