ஒரே பணப்பை, நான்கு குற்றங்கள்

பூட்டிய வீட்டுக்குள் புகுந்து 100 பவுன் நகையை அள்ளிக்கொண்டு போனாலும் சட்டத்தின் கணக்கில் அது திருட்டுதான். நடுரோட்டில் கத்தியைக் காட்டி 50 ரூபாயைப் பிடுங்கினால் அது கொள்ளை. சொத்துக் குற்றங்களைத் தரம் பிரிக்கும்போது சட்டம் போன பொருளின் மதிப்பை முதலில் பார்ப்பதில்லை. எப்படிப் போனது, அந்த நேரத்தில் உடைமைக்காரர் என்ன ஆனார், வந்தவர்கள் எத்தனை பேர் என்றுதான் பார்க்கிறது. சட்டக் கல்லூரித் தேர்விலும் நீதிபதித் தேர்விலும் வரும் கேள்விகள் பலவும் இந்த மூன்றைச் சுற்றியே அமைகின்றன.

2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் நடக்கும் குற்றங்களுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்துகிறது. திருட்டுக்கு 303, மிரட்டிப் பறிப்பதற்கு 308, கொள்ளைக்கு 309, கூட்டுக் கொள்ளைக்கு 310 என்று பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. குற்றங்களின் இலக்கணம் ஏறக்குறைய 1860-இல் எழுதப்பட்டதுதான்.

ஒரு நெல் வியாபாரியை எடுத்துக்கொள்வோம். கையில் 2 லட்சம் ரூபாய் உள்ள பை. டீக்கடையில் பெஞ்சின்மேல் பையை வைத்துவிட்டுக் கை கழுவப் போகிறார். ஒருவன் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். இது திருட்டு. அசையும் பொருள், இன்னொருவர் வசம் இருந்தது, அவர் சம்மதம் இல்லை, நேர்மையற்ற எண்ணம், அந்த எண்ணத்தோடு பொருளை நகர்த்தியது ஆகிய ஐந்தும் இருக்கின்றன. நகர்த்திய நொடியிலேயே குற்றம் முழுமையாகிவிடுகிறது. பத்தடி தூரத்தில் பிடிபட்டாலும் அது திருட்டு முயற்சி ஆகாது, திருட்டேதான். திருப்பிக் கொடுக்கும் எண்ணம் இருந்தது என்பதும் எப்போதும் தப்பிக்க வழியாகாது. ராஜஸ்தானில் அரசு ஊழியர் ஒருவர் அலுவலகக் கோப்பை வெளியே எடுத்துப்போய் மறுநாள் திருப்பி வைத்த வழக்கில், அதுவும் திருட்டுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை.

இப்போது காட்சியை மாற்றுவோம். அதே வியாபாரிக்குப் போன் வருகிறது: “நாளைக்குள்ள 2 லட்சம் வரணும். இல்லேன்னா குடோன் எரியும்.” பயந்துபோய் அவரே பையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இங்கே யாரும் எடுக்கவில்லை, அவரே கொடுத்தார். அந்தச் சம்மதத்தைப் பயம்தான் பெற்றுத் தந்தது. இதுவே மிரட்டிப் பறித்தல். பயமுறுத்துவதும் அந்தப் பயத்தால் பொருள் கைமாறுவதும் சங்கிலியாகச் சேர்ந்தால்தான் குற்றம் முழுமை பெறும். மிரட்டினான், ஆனால் வியாபாரி பணம் தராமல் நேராகப் போலீசுக்குப் போய்விட்டார் என்றால் மிரட்டிப் பறித்தல் முழுமையாகவில்லை. பறிப்பதற்காகப் பயமுறுத்திய குற்றம் மட்டும் தனியாக நிற்கும். திருட்டு அசையும் பொருளில் மட்டும்தான் நடக்கும். இதற்கு அந்த எல்லை இல்லை. மிரட்டி வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும் இதில் அடங்கும். தண்டனை ஏழு ஆண்டு வரை. பழைய சட்டத்தில் மூன்றாக இருந்தது.

அடுத்தது கொள்ளை. இது தனியாகப் பிறந்த குற்றம் அல்ல. ஒவ்வொரு கொள்ளைக்குள்ளும் ஒரு திருட்டோ மிரட்டிப் பறித்தலோ இருந்தே தீரும். ஒருவன் வியாபாரியைக் கீழே தள்ளிப் பையை இழுத்துக்கொண்டு ஓடினால் திருட்டு கொள்ளையாகிறது. கத்தியைக் கழுத்தில் வைத்து, “கொடுடா பையை” என்று வாங்கினால் மிரட்டிப் பறித்தல் கொள்ளையாகிறது. இரண்டிலும் சாவு, காயம், தடுத்து நிறுத்துதல் ஆகியவற்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும், அல்லது உடனே நடந்துவிடும் என்ற பயமாவது வேண்டும்.

மிரட்டலில் கவனிக்க வேண்டியது இந்த ‘உடனே’தான். மிரட்டுகிறவன் எதிரில் நிற்க வேண்டும், ஆபத்து இப்போதே நேரும் என்று இருக்க வேண்டும், பொருளும் அங்கேயே கைமாற வேண்டும். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. குழந்தையோடு வருகிறவரை வழிமறித்து, குழந்தையைப் பள்ளத்தில் எறிந்துவிடுவேன் என்று பையை வாங்கினால் கொள்ளை. உன் குழந்தை எங்கள் ஆட்களிடம் இருக்கிறது, பணம் அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று சொல்லி வாங்கினால், உடனடிச் சாவுப் பயம் இல்லாதவரை, மிரட்டிப் பறித்தல் மட்டுமே.

திருட்டின் பக்கம் தேர்வு எழுதுகிறவர்கள் சறுக்கும் இடம் வேறு. வன்முறை திருட்டின் பொருட்டு நடந்திருக்க வேண்டும். டீக்கடைத் திருடனை வியாபாரி துரத்திப் பிடிக்கிறார். அவன் பையை விடாமல் ஓங்கி அறைந்துவிட்டு ஓடினால் கொள்ளை. பொருளைக் கொண்டுசெல்லவே அடித்தான். பையைப் போட்டுவிட்டு, துரத்துகிறவரிடமிருந்து உயிர்தப்ப மட்டும் கல்லெறிந்தால் திருட்டும் காயம் விளைவித்ததும் தனித்தனிக் குற்றங்கள், கொள்ளை இல்லை. ஒரே அடிதான், ஆனால் எதற்காக அடித்தான் என்பதில் பத்தாண்டுச் சிறை இருக்கிறது. கொள்ளைக்குப் பத்து ஆண்டு வரை தண்டனை. நெடுஞ்சாலையில் சூரியன் மறைந்தபின், உதிக்கும் முன் நடந்தால் பதினான்கு வரை.

உச்சியில் இருப்பது கூட்டுக் கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தாலும், கொள்ளையடிக்க முயன்றாலும் இது பொருந்தும். நான்கு பேர் வியாபாரியை வளைத்திருக்க, ஐந்தாமவன் அங்கேயே நின்று யாரும் வராமல் காவல் பார்த்தால் அவனும் கணக்கில் வருவான். ஆனால் தலைகளை எண்ணுவது கடைசி வேலை. எட்டுப் பேர் சேர்ந்து ஆளில்லாத வீட்டைச் சத்தமில்லாமல் உடைத்து நகையை எடுத்தால், அது கூட்டுக் கொள்ளை ஆகாது. ஏனென்றால் அங்கே கொள்ளையே நடக்கவில்லை. யாரையும் அடிக்கவில்லை, பயமுறுத்தவில்லை.

எண்ணிக்கை நீதிமன்றத்திலும் வழக்கைக் கவிழ்க்கும். ஐந்து பேர் மட்டுமே சேர்ந்து செய்தார்கள் என்று வழக்குத் தொடர்ந்து, இருவர் விடுதலையானால் மிச்சம் மூன்று பேர். அவர்களைக் கூட்டுக் கொள்ளைக்குத் தண்டிக்க முடியாது. அடையாளம் தெரியாத வேறு ஆட்களும் இருந்து மொத்தம் ஐந்துக்குக் குறையவில்லை என்று நிரூபணமானால் மட்டும் குற்றச்சாட்டு நிற்கும்.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே உள்ள தூரம் மிகப் பெரியது. கூட்டுக் கொள்ளைக்கு ஆயுள் சிறைவரை போகலாம். அதைச் செய்யும்போது ஒருவன் கொலை செய்துவிட்டால், கூட்டாகக் கொள்ளையடித்த ஒவ்வொருவருக்கும் மரண தண்டனைவரை விதிக்க இடமிருக்கிறது. வாசலில் காவல் நின்றவன் ‘நான் கத்தியைத் தொடவே இல்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே கேள்வியைப் பிரிக்கும் வரிசை இதுதான்: எடுத்தானா, பயத்தால் கொடுத்தாரா? உடனடி வன்முறையோ அதன் பயமோ இருந்ததா, அது பொருளுக்காகவா? கடைசியாக, எத்தனை பேர்? உங்களுக்கே இப்படி ஒன்று நேர்ந்து புகார் எழுதும்போதும் எவ்வளவு போனது என்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன சொல்லி மிரட்டினார்கள், எந்த நேரத்தில் அடித்தார்கள், எத்தனை பேரைக் கண்ணால் பார்த்தீர்கள் என்பதையும் முதல் புகாரிலேயே எழுதுங்கள். வழக்கு எந்தப் பிரிவில் பதிவாகும் என்பது பெரும்பாலும் அந்த வரிகளில்தான் இருக்கிறது.