காலும் தரையும் ஒத்துப்போக: நடையையும் ஓட்டத்தையும் கலக்கும் பிளெண்ட் ட்ரீ

வீடியோ கேமில் ஒரு பாத்திரம் மெல்ல வேகமெடுக்கும்போது அதற்கு ஒவ்வொரு வேகத்திலும் தனி அசைவு இருப்பதில்லை. அனிமேட்டர் தருவது பெரும்பாலும் ஒரு நடை கிளிப், ஒரு ஓட்ட கிளிப், அவ்வளவுதான். இடைப்பட்ட வேகங்களில் இரண்டையும் உரிய விகிதத்தில் கலந்து தருவது பிளெண்ட் ட்ரீயின் வேலை. யூனிட்டி எஞ்சினில் இதற்கு ஒற்றை எண் போதும்: பாத்திரத்தின் வேகம். அந்த எண் ஏற ஏற நடையின் பங்கு குறைந்து ஓட்டத்தின் பங்கு கூடும். கலப்பு வழவழப்பாகத்தான் வரும். ஆனால் ஊன்றிய பாதம் தரையில் நில்லாமல் வழுக்கும்.

வழுக்கல் ஏன் வருகிறது என்பதை அறிய, ஒவ்வொரு கிளிப்புக்கும் இயல்பாக உள்ள வேகத்தை முதலில் அளக்க வேண்டும். பாத்திரம் நின்ற இடத்திலேயே கால் வீசும் கிளிப்பில், தரையைத் தொட்ட பாதம் இடுப்புக்குக் கீழே பின்னோக்கிச் செல்லும். அது கடந்த தூரத்தை அதற்கு ஆன நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். பாதம் 0.6 விநாடியில் 0.9 மீட்டர் பின்னே போனால் அந்த நடையின் வேகம் விநாடிக்கு 1.5 மீட்டர். பிளெண்ட் ட்ரீயில் நடைக்கு எழுத வேண்டிய எல்லை எண் இதுவே. கண்மதிப்பில் 1 என்றோ 2 என்றோ போட்டால் வழுக்கல் அங்கேயே தொடங்கிவிடும். கிளிப்பிலேயே உடல் முன்னேறிச் செல்கிறது என்றால், `Compute Thresholds` என்ற தேர்வு இந்த எண்களைத் தானே கணக்கிட்டுத் தரும்.

அடுத்தது கால்களின் ஒத்திசைவு. கலக்கும்போது கிளிப்புகளின் உண்மையான நேரம் பார்க்கப்படுவதில்லை. ஒவ்வொரு சுற்றும் 0 முதல் 1 வரை எனக் கொள்ளப்படும். இரண்டு கிளிப்பிலும் இடது பாதம் 0-இலும் வலது பாதம் 0.5-இலும் ஊன்ற வேண்டும். ஒன்றில் இடதும் மற்றதில் வலதும் முதலில் ஊன்றினால், எதிரெதிரான அசைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். பாத்திரம் கால் விரிக்காமல் தேய்த்துக்கொண்டே போகும். கிளிப்பின் `Cycle Offset` மதிப்பை 0.5 நகர்த்தினால் இது சரியாகும்.

இவ்வளவும் செய்தபின்னும் நடுவில் மிஞ்சும் ஒரு பிழை உண்டு. பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். நடையின் ஒரு சுற்று 1 விநாடி, 1.5 மீட்டர் என்று கொள்வோம். ஓட்டத்தின் ஒரு சுற்று 0.7 விநாடி, 3.15 மீட்டர், அதாவது விநாடிக்கு 4.5 மீட்டர். உடலை விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நகர்த்தினால், இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் பிளெண்ட் ட்ரீ பாதிக்குப் பாதி கலக்கும். அப்போது சுற்றின் நீளம் ஏறத்தாழ 2.325 மீட்டர், நேரம் 0.85 விநாடி. வகுத்தால் வருவது சுமார் 2.74, மூன்று அல்ல. தூரமும் நேரமும் தனித்தனியாகச் சராசரியாவதால் வேகம் சராசரியாக வருவதில்லை. உடல் கால்களை முந்திக்கொண்டு போக, ஊன்றிய பாதம் ஒவ்வொரு அடியிலும் சுமார் பத்து சென்டிமீட்டர் முன்னே இழுபடும்.

இதற்கு நேரான தீர்வு, ஓட்டத்தின் பங்கை வேண்டிய வேகத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது:

```
w = (v*T1 - L1) / ((L2 - L1) - v*(T2 - T1))
```

L சுற்றின் நீளம், T அதன் நேரம், v உடலின் வேகம். நம் எண்களைப் போட்டால் ஓட்டத்தின் பங்கு 0.5 அல்ல, சுமார் 0.588 என்று வரும். இன்னொரு வழி, கலப்பை அப்படியே விட்டு, அசைவை 3 / 2.74 மடங்கு, அதாவது ஒன்பது, பத்து சதவீதம் விரைவாக ஓட்டுவது. இது எளிது, ஆனால் அளவு மீறினால் கால்கள் பரபரப்பதாகத் தெரியும். விநாடிக்கு 3 மீட்டர் வேகமுள்ள மெல்லோட்ட கிளிப் ஒன்றை நடுவில் சேர்ப்பதே கண்ணுக்கு மிக இயல்பானது. இடைவெளிகள் சிறியதாவதால் பிழையும் சுருங்கும்.

பிளெண்ட் ட்ரீக்குக் கொடுக்கும் வேகம், பொத்தானை அழுத்திய அளவாக இல்லாமல் உடல் உண்மையில் நகரும் வேகமாக இருக்க வேண்டும். இல்லையேல் சுவரில் முட்டி நிற்கும் பாத்திரமும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த எண்ணை மென்மையாக்கத் தாமதம் வைத்தால், உடல் நின்ற பிறகும் கால்கள் சற்று நேரம் நகரும். தாமதத்தை உடலின் வேகத்துக்கே கொடுப்பது நல்லது.

முற்றிலும் நீங்காத வழுக்கலும் உண்டு. நடையில் எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்கும். ஓட்டத்திலோ இரண்டும் காற்றில் இருக்கும் கணம் வரும். நடை கிளிப் பாதத்தை ஊன்றியே வைத்திருக்கும்போது ஓட்ட கிளிப் அதைத் தூக்கத் தொடங்கிவிடும். கலந்த பாதம் இரண்டுக்கும் நடுவே தரையைத் தடவிச் செல்லும். கட்டம் போட்ட தரையில் பாத்திரத்தை ஓடவிட்டு, கால்வேகத்தில் மெதுவாக்கிப் பக்கவாட்டில் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். இந்த மிச்சத்துக்குத்தான், ஊன்றிய கணத்தில் பாதத்தை அவ்விடத்திலேயே பிடித்து முழங்காலை அதற்கேற்ப மடக்கும் ஐகே முறை பயன்படுகிறது. வேகக் கணக்கைச் சரிசெய்யாமல் ஐகேயை மட்டும் நம்பினால், பிடிபட்ட கால் நீண்டு இழுபட்டு, விடுபடும்போது வெட்டென்று துள்ளும்.