அலட்சியம் என்று எழுதுவதற்கு முன்

மார்ச் முடிந்ததும் அலுவலகங்களில் அப்ரைசல் படிவங்கள் நிரப்பப்படுகின்றன. பாராட்டு எழுதுவது எளிது. குறையை எழுத வேண்டிய இடத்தில்தான் மேலதிகாரியின் கை பழகிப்போன சொற்களைத் தேடுகிறது. பொறுப்பில்லை, ஆர்வம் போதாது, அலட்சியம் அதிகம்.

ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். அங்கே மாதந்தோறும் விற்பனைப் பட்டியலைத் தயாரித்துக் கொடுக்க வேண்டிய ஊழியர் ஒருவர் இருக்கிறார். அதை வைத்துத்தான் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கடைசி நாள். அந்த நாள் தவறினால், சரக்கு வாங்கியவர் கட்டிய வரிக்கான வரவு அந்த மாதக் கணக்கில் அவருக்குக் காட்டாது, அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். அதனால் பட்டியல் 8-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும் என்பது அலுவலக ஏற்பாடு. சில மாதங்களில் வரவில்லை. ஆண்டு முடிவில் மேலாளர் எழுதுகிறார்: “வேலையில் அக்கறை இல்லை. எப்போதும் தாமதம்.”

இதைப் படிக்கும் ஊழியர் என்ன செய்ய முடியும்? அக்கறை இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது? ‘எப்போதும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, சரியாகக் கொடுத்த மாதங்களைச் சொல்லிச் சண்டை போடலாம், அவ்வளவுதான். தாமதத்தைப் பற்றிய பேச்சு அவருடைய குணத்தைப் பற்றிய வாக்குவாதமாகிவிடும். பின்னூட்டம் குறித்த பழைய ஆய்வுகளைத் தொகுத்து குளூகர், டெனிசி என்ற இரு உளவியலாளர்கள் 1996-இல் வெளியிட்ட கட்டுரையும் இதைத்தான் கண்டது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் பின்னூட்டத்துக்குப் பிறகு வேலை மோசமாகியிருந்தது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதற்குத் தாவும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

மேலாளர் மின்னஞ்சல்களைத் திறந்து பார்த்து எழுதினால் அதே குறை இப்படி வரும்: “ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி மாதங்களில் விற்பனைப் பட்டியல் 8-ஆம் தேதிக்குப் பதிலாக 12-ஆம் தேதி அல்லது அதற்குப் பிறகு வந்தது. ஜிஎஸ்டிஆர்-1 தாமதமானது. வரி வரவு கிடைக்கவில்லை என்று இரண்டு வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். மற்ற 9 மாதங்களில் பட்டியல் நேரத்துக்கு வந்தது. இனி தாமதமாகும் என்று தெரிந்தால் 6-ஆம் தேதியே சொல்ல வேண்டும்.”

எப்போது, என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது, இனி என்ன வேண்டும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. ஊழியரைப் பற்றிய அடைமொழி ஒன்றுகூட இல்லை. ஆனாலும் குறை மழுங்கவில்லை. முந்தைய வாசகத்தைவிடக் கடுமையாகவே இருக்கிறது. ஒன்பது மாதக் கணக்கை ஆறுதலுக்காகச் சேர்க்கவில்லை. குறையின் அளவு எவ்வளவு என்று காட்டுவதே அதன் வேலை. அந்த வரி இல்லாவிட்டால் மூன்று மாதம் ‘எப்போதும்’ ஆகிவிடும்.

இப்படி எழுதினால் ஊழியர் பதில் சொல்ல முடியும். “நவம்பரில் கிளையிலிருந்து பில்களே 10-ஆம் தேதிதான் சார் வந்தது” என்கிறார். தேதி பார்த்தால் உண்மை. அந்த மாதத்தை அவர் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். கிளைக்கு ஒரு கெடு வைக்க வேண்டும். ‘அக்கறை இல்லை’ என்ற வாசகம் இந்தக் காரணத்தை வெளியே கொண்டுவந்தே இருக்காது. அரசு ஊழியரின் ஆண்டுக் குறிப்பில் உள்ள ஒவ்வொரு பதிவையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தேவ் தத் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், அவர் முறையிட வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். அடைமொழியை எதிர்த்து எதை முறையிடுவது?

உதாரணம் தருகிறேன் என்று வருடம் முழுக்க நடந்த தவறுகளை வரிசையாக அடுக்கினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். ஒரு குறைக்கு இரண்டு, மூன்று நிகழ்ச்சிகள் போதும். அவை கடைசி இரண்டு மாதத்தில் மட்டும் நடந்தவை என்றால், நினைவில் நின்றதைத்தான் எழுதுகிறோம் என்று சந்தேகப்பட வேண்டும். நடந்த வாரத்திலேயே தேதியோடு ஒரு வரி குறித்துவைப்பதும், அன்றே ஊழியரிடம் சொல்லிவிடுவதும் இதற்கு வழி. ஆகஸ்டில் வாய் திறக்காத விஷயத்தை ஏப்ரலில் முதல்முறையாகப் படிப்பவருக்கு, எவ்வளவு துல்லியமாக எழுதியிருந்தாலும் அது பதுங்கியிருந்து அடித்ததுபோல்தான் இருக்கும்.

சிக்கலான இடம் நடத்தை. ‘குழுவோடு ஒத்துப்போவதில்லை’ என்பதற்குத் தேதி போடுவது கடினம். “வாராந்திரக் கூட்டத்தில் இளையவர் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தபோது இருமுறை இடைமறித்தார், அவர் பாதியில் நிறுத்திவிட்டார்” என்று, அறையில் இருந்த வேறொருவரும் ஒப்புக்கொள்ளும்படி எழுத முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால், யாரோ சொல்லக் கேட்டதையோ நம் எரிச்சலையோதான் எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்த வரியைப் படிவத்திலிருந்து அடித்துவிடுவதே நியாயம்.