மூடிய வெந்நீர்ச் சுற்றில் விரிவுக் கலனும் பாதுகாப்பு வால்வும்

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் வழிகளில் ஒன்று, பாய்லரில் காய்ச்சிய வெந்நீரைக் குழாய்கள் வழியே அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்புவது. சூட்டை அறைகளில் விட்டுவிட்டு நீர் பாய்லருக்குத் திரும்பும். மறுபடி சூடாகிப் புறப்படும். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் புதிதாக அமைக்கப்படும் இத்தகைய சுற்றுகளில் பெரும்பாலானவை மூடியவை. அதாவது, உள்ளே இருக்கும் நீருக்கு வெளிக்காற்றோடு எந்தத் தொடர்பும் கிடையாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கலந்தால் ரேடியேட்டரின் எஃகு உள்ளிருந்தே துருப்பிடிக்கும் என்பதால் அப்படி மூடி வைக்கிறார்கள். முன்பு கூரைக்கடியில் ஒரு திறந்த தொட்டி வைப்பது வழக்கம். சூடேறிப் பெருகிய நீர் குழாய் வழியே அதில் ஏறி நிற்கும். சுற்றை மூடியபின் அந்த வழி இல்லை. பெருகும் நீருக்கு உள்ளேயே இடம் தரவேண்டும்.

எவ்வளவு இடம் என்பதை நீரின் இயல்பே சொல்லிவிடும். 10 டிகிரி செல்சியஸில் உள்ள நீரை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கனஅளவு ஏறக்குறைய 2.9 சதவீதம் கூடும். 90 டிகிரி என்றால் 3.6 சதவீதம். பார்வைக்குச் சின்ன எண்கள்தான். ஆனால் நீரை அமுக்கிச் சுருக்குவது மிகக் கடினம். விரிய வழியில்லாத இறுக்கமான பாத்திரத்தில் நீரை அடைத்துச் சூடாக்கினால், ஒவ்வொரு டிகிரிக்கும் பல பார் அழுத்தம் ஏறும். சில டிகிரிகளுக்குள் ஏதாவது ஓர் இணைப்பு பிய்த்துக்கொள்ளும்.

இதைத் தடுக்கத்தான் விரிவுக் கலன். எஃகாலான ஒரு கலத்தை ரப்பர் சவ்வு இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் சுற்றின் நீர். மறுபக்கம் அடைபட்ட காற்று அல்லது நைட்ரஜன். நீர் பெருகும்போது சவ்வைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது, வாயு சுருங்குகிறது. குளிரும்போது வாயு நீரைத் திருப்பித் தள்ளுகிறது. 6 லிட்டர் நீர் பெருகும் என்றால் 6 லிட்டர் கலன் போதும் என்று நினைக்கத் தோன்றும். அந்த நினைப்பு தவறு. வாயு முழுவதுமாக மறைந்துவிடாது. அழுத்தம் ஏற ஏறத்தான் அது சுருங்கும். அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தில் அது எவ்வளவு சுருங்கியிருக்குமோ, அவ்வளவு இடமே நீருக்குக் கிடைக்கும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் இது தெளிவாகும். மூன்று மாடி வீடு. கீழ்த்தளத்தில் 24 கிலோவாட் பாய்லரும் அதன் அருகே விரிவுக் கலனும் உள்ளன. சுற்றில் உள்ள மொத்த நீர் 200 லிட்டர். மிக உயரத்தில் உள்ள ரேடியேட்டர் கலனுக்கு 7 மீட்டர் மேலே இருக்கிறது. பாய்லரின் பாதுகாப்பு வால்வு 3 பாரில் திறக்கும். ஐரோப்பிய வீடுகளில் அதிகம் காணப்படும் அளவு அது.

முதலில் நீரின் பெருக்கம். 200 லிட்டரில் 2.9 சதவீதம் என்பது சுமார் 5.7 லிட்டர். அதோடு ஒரு சேமிப்பையும் சேர்க்கவேண்டும். மூடிய சுற்றிலும் மாதக்கணக்கில் சிறிதளவு நீர் குறையும். ரேடியேட்டரில் சிக்கிய காற்றைத் திறந்துவிடும்போதும் அழுத்தம் இறங்கும். அதை ஈடுகட்டக் கலனுக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கவேண்டும். இ.என். 12828 என்ற ஐரோப்பிய நெறிமுறை இதற்கு மொத்த நீரில் 0.5 சதவீதம் வைக்கச் சொல்கிறது. ஆனால் சுற்று சிறியதானாலும் 3 லிட்டருக்குக் குறையக் கூடாது. (15 லிட்டருக்கு உட்பட்ட மிகச் சிறிய கலன்களுக்கு வேறு விதி.) ஆகவே கலன் ஏற்கவேண்டிய நீர் 8.7 லிட்டர்.

அடுத்தது இரண்டு அழுத்தங்கள். கீழ் எல்லையை வீட்டின் உயரம் தீர்மானிக்கிறது. 10 மீட்டர் நீர் ஏறக்குறைய 1 பார் என்பதால், 7 மீட்டருக்கு 0.7 பார். மேல் மாடியில் அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைந்துபோனால் காற்று உள்ளே இழுக்கப்படும். அதற்கு இடம் தராதிருக்க 0.3 பார் கூட்டுவது நடைமுறை. ஆக, கலனில் வாயுவை 1.0 பாருக்கு நிரப்பவேண்டும். மேல் எல்லையைப் பாதுகாப்பு வால்வு தீர்மானிக்கிறது. 3 பார் வால்வு 3 பாரில்தான் திறக்கும் என்றாலும், திறந்த வால்வு மறுபடி இறுக மூடுவதற்கு அழுத்தம் அதைவிடக் கணிசமாக இறங்கவேண்டும். எனவே இயல்பான ஓட்டத்தின் உச்சம் வால்வின் அளவுக்கு அரை பார் கீழே, 2.5 பாரில் நிற்கவேண்டும்.

அழுத்தமானியில் பூஜ்யம் என்று காட்டும்போதும் சுற்றிலும் 1 பார் வளிமண்டல அழுத்தம் இருப்பதால், வாயுவின் கணக்கில் இரண்டு எண்களோடும் 1 சேர்க்கவேண்டும். 2.0 பாரில் கலனை நிறைத்திருந்த வாயு 3.5 பாரில் 57 சதவீத இடத்துக்குச் சுருங்கிவிடும். நீருக்குக் கிடைப்பது எஞ்சிய 43 சதவீதம். 8.7 லிட்டர் என்பது 43 சதவீதம் என்றால், முழுக் கலன் 20.3 லிட்டர். கடைகளில் 18, 25, 35 லிட்டர் கலன்கள் கிடைக்கும். 25 லிட்டர்தான் சரி. பல பாய்லர்களின் உள்ளேயே ஒரு சிறு கலன் பொருத்தப்பட்டு வருகிறது. அது 12 லிட்டராக இருந்தால் 2.5 பாரில் 5 லிட்டர் அளவே ஏற்கும். இந்த வீட்டின் பெருக்கத்துக்குக்கூட அது எட்டாது. பாய்லரோடு வந்த கலன் போதும் என்று விட்டுவிடுவதே இந்த வேலையில் பரவலாக நடக்கும் பிழை.

உயரத்தின் விளைவு எதிர்பார்ப்பதை விடப் பெரிது. அதே 200 லிட்டர் நீர், அதே வால்வு. ஆனால் மேல் ரேடியேட்டர் 15 மீட்டர் உயரத்தில் இருந்தால், வாயுவை 1.8 பாருக்கு நிரப்பவேண்டும். 2.8-இலிருந்து 3.5-க்குப் போகும் வாயு ஐந்தில் ஒரு பங்குதான் சுருங்கும். தேவைப்படும் கலன் 44 லிட்டர். வாங்கவேண்டியது 50 லிட்டர். நீர் ஒரு சொட்டும் கூடவில்லை, கலன் இரு மடங்காகிவிட்டது.

கணக்கு முழுவதும் மொத்த நீரின் அளவை நம்பியிருக்கிறது; அதுவே பெரும்பாலும் ஊகமாக விடப்படுகிறது. பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள் புதிய தகட்டு ரேடியேட்டர்களை விட மிகுந்த நீர் கொள்ளும். சுற்றை நிரப்பும்போது நீர்மானியைக் குறித்துக்கொண்டால் ஊகத்துக்கே வேலையில்லை. உறைதலைத் தடுக்கக் கிளைகால் கலந்திருந்தால் கலவை நீரை விட அதிகம் விரியும் என்பதையும் சேர்க்கவேண்டும்.

சரியான கலனை வாங்கியபின் அதைச் சரியாக நிரப்பவும் வேண்டும். வாயு 1.0 பாரில் இருக்க, குளிர்ந்த சுற்றை 1.3 பாருக்கு நீர் நிரப்பினால் 25 லிட்டர் கலனுக்குள் 3 லிட்டருக்குச் சற்று மேல் நீர் நுழையும். அதுதான் சேமிப்பு. 80 டிகிரியில் அழுத்தம் 2.1 பாருக்கு ஏறி நிற்கும். தொழிற்சாலையிலிருந்து 1.5 பார் வாயுவோடு வந்த கலனை அப்படியே மாட்டி, 1.3 பாருக்கு நீர் நிரப்பினால் வாயு நீரை உள்ளே விடாது. சேமிப்பு இல்லாத சுற்றில் சிறு கசிவே அழுத்தத்தைச் சடாரென்று இறக்கிவிடும். கலனைப் பாய்லருக்குத் திரும்பும் குழாயில், பம்பு நீரை இழுக்கும் பக்கத்தில் இணைக்கவேண்டும். கலன் இணைந்த இடத்தில் பம்பு அழுத்தத்தை மாற்ற முடியாது. பம்பு தள்ளும் பக்கத்தில் இணைத்தால், சுற்றின் மற்ற இடங்களில் அழுத்தம் குறைந்து மேல் மாடியில் காற்று புக வழி ஏற்படும்.

பாதுகாப்பு வால்வின் கணக்கு வேறு. பிரஷர் குக்கரின் வெயிட் ஒவ்வொரு சமையலிலும் எழும்புவதற்காகவே உள்ளது. பாய்லரின் வால்வோ எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒருமுறைகூடத் திறக்கக் கூடாது. வெப்பக் கட்டுப்பாடு பழுதாகி, அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டே போகும் நிலைக்குத்தான் அதன் அளவு தீர்மானிக்கப்படுகிறது. அப்போது பாய்லர் தரும் வெப்பம் முழுவதும் நீராவியாக மாறலாம். 3 பார் அழுத்தத்தில் 1 கிலோ நீராவி உண்டாக ஏறக்குறைய 2,130 கிலோஜூல் வேண்டும். 24 கிலோவாட் பாய்லர் அந்தக் கணக்கில் மணிக்கு 40 கிலோ நீராவி எழுப்பும். அழுத்தம் மேலும் ஏறாதபடி அவ்வளவையும் வால்வு வெளியேற்றவேண்டும். ஆகவே வால்வின் வாயளவைப் பாய்லரின் திறன்தான் முடிவு செய்கிறது. சுற்றில் 200 லிட்டர் நீரா 400 லிட்டரா என்பதற்கு இதில் இடமில்லை. ஜெர்மானிய வழக்கில் 50 கிலோவாட் வரை அரை அங்குல வால்வு, 100 கிலோவாட் வரை முக்கால் அங்குலம், 200 வரை ஓர் அங்குலம். இந்த வீட்டுக்கு அரை அங்குலம் போதும். திறக்கும் அழுத்தம், சுற்றிலேயே மிகக் குறைந்த தாங்குதிறன் கொண்ட பாகத்தைத் தாண்டக் கூடாது.

பாய்லருக்கும் வால்வுக்கும் இடையே அடைப்பு வால்வோ வடிகட்டியோ எதுவும் வரக் கூடாது. வெளியேற்றும் குழாய் வால்வின் வாயை விட ஓர் அளவு பெரியதாக, சரிவாக இறங்கி, ஆள் மேல் படாத ஆனால் கண்ணில் படும் இடத்தில் முடியவேண்டும்.

வால்வு சொட்டத் தொடங்கினால் பலர் வால்வையே மாற்றுகிறார்கள். பெரும்பாலும் குறை கலனில் இருக்கும். வாயு கசிந்து தீர்ந்த கலனுக்குள் நீர் நிரம்பிவிடும். பாய்லர் எரியும்போது முள் 3 பாருக்குப் பாயும், வால்வு நீரைக் கொட்டும். குளிர்ந்ததும் முள் பூஜ்யத்தை நெருங்கும். வீட்டார் மறுபடி நீர் நிரப்புவார்கள். புதுநீரோடு ஆக்சிஜனும் சுண்ணாம்பும் உள்ளே போகும். வாரந்தோறும் இப்படி நிரப்பும் சுற்றில் துருக்கசடு சேர்ந்து பம்பும் பாய்லரும் கெடும்.

சோதிக்கும் முறை எளிது. பாய்லரை அணைத்து ஆறவிட்டு, கலனைச் சுற்றிலிருந்து பிரித்து, அதன் நீர்ப்பக்க அழுத்தத்தை முழுக்க வடிக்கவேண்டும். அதன்பின்தான் கார் டயருக்குள்ளது போன்ற அதன் காற்று வால்வில் மானியை வைக்கவேண்டும். வடிக்காமல் வைத்தால் நீரின் அழுத்தமே மானியில் தெரியும். காலிக் கலனும் நல்லதாகத் தோன்றும். 1.0 பாருக்குக் குறைவாகக் காட்டினால் பம்பால் நிரப்பினால் போதும். காற்று வால்வை அழுத்தியதும் நீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, கலனை மாற்றவேண்டும். கலன் நல்ல நிலையில் இருந்தும் வால்வு சொட்டிக்கொண்டே இருந்தால், திறந்தபோது அதன் இருக்கையில் தூசி சிக்கியிருக்கலாம். அப்போதுதான் வால்வை மாற்றும் வேலை வருகிறது.